அரக்கோணத்தில் ஏறும் அக்கா

என் சிநேகிதிக்கு வேலை கிடைத்த செய்தியை அவளே வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்கான வார்த்தை எதையும் நான் தேடப்போவதில்லை. எரிந்தது, அவ்வளவுதான். பாதுஷா டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருடி" என்றேன். தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளினேன்.

இவள் யாரோ எவளோ இல்லை. திருத்தணியில் எங்கள் தெருவில் என் வீட்டுக்கு மூன்றாம் வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அம்மாவோடு சேர்ந்து அழுதவள். அப்படிப்பட்டவளைப் பார்த்தா வயிறு எரிவது என்று கேட்பீர்கள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் எரியும். முகம் தெரியாத ஒருத்திக்கு வேலை கிடைத்தால் எனக்கென்ன வந்தது?

நாங்கள் நான்கு பேர். நால்வரும் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தோம். காலையில் திருத்தணியில் கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எதிரும் புதிருமாக இருக்கிற ஒரு பகுதி எங்களுடையது. எழுதி ஒட்டவில்லை என்பதுதான் குறை. முதலில் வருகிறவள் மற்றவர்களுக்குத் துப்பட்டாவை விரித்துப் போட்டு இடம் பிடிப்பாள். எங்கள் ஊரில் ரயில் புறப்படுவதால் எங்களுக்கு எப்போதும் இடம் உண்டு. அரக்கோணத்தில் ஏறுகிறவர்கள்தான் பாவம், நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெட்டி முழுக்க இப்படித்தான், செட்டு செட்டாக இருக்கும். ஒரு செட்டு இன்னொரு செட்டோடு பேசாது. ஒரு செட்டின் சுண்டல் இன்னொரு செட்டுக்குப் போகாது.

ஒரு நாள் என் சிநேகிதி லீவு; எங்களில் இன்னொருத்தி அன்று திருவாலங்காட்டில் ஏறுவதாக இருந்ததால் அவளுக்கு இடம் போட்டிருந்தோம். அரக்கோணத்தில் ஏறுகிற அக்கா ஒருத்தர் எங்கள் துப்பட்டாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, நடுத்தர வயதுக்காரர். "ஆள் வராங்கங்க" என்றேன். "வந்தா எழுந்துக்கறேன்" என்றார். "எழுந்துக்கறதுக்கு எதுக்கு உக்காரணும்?" என்று நான் கேட்டேன். அவரும் திருப்பிக் கொடுத்தார். திருவாலங்காடு வரைக்கும் சண்டை நடந்தது. அவர் திருவள்ளூரில் இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தால் லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வோம். சண்டை போட்டதால் வந்த பழக்கம்.

என் சிநேகிதி மட்டும் எங்கள் செட்டில் ஒழுங்காக உட்கார மாட்டாள். கைக்குழந்தைக்காரி நின்றால் எழுந்து இடம் கொடுப்பாள். கதவோரம் போய் நிற்பாள். அங்கே யாரோ ஒருத்தியிடம், "பாப்பாக்கு ஜுரம் விட்டுச்சாக்கா?" என்பாள். இன்னொருத்தியிடம், "உங்க ஊட்டுக்காரர் வெளிநாடு கிளம்பிட்டாரா?" என்பாள். அவர்கள் பேர்கூட அவளுக்குத் தெரியாது. போனில் 'திருவாலங்காடு ஆஸ்பத்திரி அக்கா', 'சிவப்பு டிபன் பாக்ஸ்' என்றுதான் பதிந்து வைத்திருப்பாள்.

"ஏன்டி, உக்காருடி. கண்டவங்ககிட்ட இன்னாடி பேச்சு?" என்று நான் திட்டுவேன்.

"சும்மாதான்டி" என்பாள்.

எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நான் ஒருத்தி இருக்கும்போது இவளுக்கு இத்தனை பேர் எதற்கு என்று இருக்கும். என் பக்கம் திரும்பி முறுக்கு தின்ன வேண்டியவள் கதவோரம் நின்று யாரோடோ சிரிக்கிறாளே என்று ஆத்திரமாக வரும்.

கம்பெனியை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். குடும்பத்தை விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது? நால்வரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன காத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் ஓரகத்திக்கு மலையடிவாரத்தில் தேங்காய் பூக்கடை. நல்ல வியாபாரம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எங்கள் அம்மா ஆந்திராவில் நகரிப் பக்கம் என்பதால் அந்த அண்ணனைத் தெலுங்கில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவேன். பாவா நல்லவர், வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அந்த அம்மாள் திறப்பார். நான் ரயிலேறி வேலைக்குப் போன அத்தனை வருஷமும் அவருக்கு என் கைப்பைமேல் ஒரு கண். வேலை போன மறுநாளே வந்துவிட்டார்.

"அதான் கம்பெனி மூடிட்டாங்களே. சும்மா இன்னாத்துக்கு ஊட்ல குந்திகினு இருக்கணும்? ஆடிக் கிருத்திகைக்குள்ள கடைக்கு வந்துடு. ஆளுங்க வேணும் எனக்கு."

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் எங்கள் ஊரை மூழ்கடித்துவிடும். கடைக்கு ஆள் தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. கடையில் உட்காருவது கேவலமும் இல்லை. ஆனால் அந்த அம்மாளுக்குக் கீழே, "இவ டிகிரி படிச்சவ, தேங்கா எண்ணத் தெரியாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிக்க, நான் பூ அளந்துகொண்டு நிற்பதா? ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார். மறுக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது, ஆடிக்குள் ஒரு வேலை.

நால்வரும் மும்முரமாகத் தேடினோம். போனில் எங்களுக்கென்று ஒரு குரூப். ஒருத்தி ஒரு விளம்பரத்தைப் போடுவாள். அதையே இன்னொருத்தி வேறு எங்கிருந்தோ எடுத்து மறுபடி போடுவாள். மூன்றாமவள் 'இதைப் பார்த்தீங்களா' என்று அதையே மூன்றாம் முறை போடுவாள். நான் பார்க்காமல் நான்காம் முறை போடுவேன். ஒரு முறை ஆவடியில் ஒரே ஒரு இடம் காலியென்று வந்த விளம்பரத்துக்கு நாங்கள் நால்வரும் ஒன்றாக ரயிலேறிப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி உள்ளே போகும்போது மற்ற மூவரும் "நல்லபடியா முடியணும்" என்று வேண்டிக்கொண்டோம். என்ன வேண்டுதல் அது! அந்த வேலை எங்களில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாதுஷா.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் பில் பார்க்கிற பிரிவு. சம்பளமும் பழைய கம்பெனியைவிட அதிகம். அன்று மாலை முழுக்க எனக்கு ஒரே யோசனை. இவளுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு ஏன் சொல்லவில்லை? கூடவே இருந்துகொண்டு மறைத்துவிட்டாளே. மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டு அவளைப் பற்றிப் பொருமினேன். அவர்களும் நன்றாகப் பொருமினார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காய் மார்க்கெட்டுக்கு அவளோடு போனேன். ஐந்து நிமிஷ நடை. அவளோடு போனால் அரை மணி நேரம். வெங்காயக்காரரிடம் அவர் மகள் பரீட்சை, போஸ்ட் ஆபீஸ்காரரிடம் அவர் முட்டிவலி, சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிற டீச்சரிடம் புதுக் குடை. ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை, ஒரு சிரிப்பு, நகர்ந்துவிடுவாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நிற்கிறேன். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"எதை?"

"அய்ய, தெரியாத மாதிரி நடிக்காத. ஆஸ்பத்திரி வேலை. நான் இங்க வேலையில்லாம சாவறேன், நீ கமுக்கமா போய் சேந்துட்ட."

அவள் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். "எனக்கே தெரியாதுடி. நான் வேலை கேக்கவேயில்ல. திருவாலங்காட்டுல ஏறுவாங்களே அந்த அக்கா, சந்தையில பாத்து, ஏன் ரயில்ல காணோம்னு கேட்டாங்க. கம்பெனி மூடிட்டாங்கக்கா, பில்லு கணக்கு பாத்துகினு இருந்தேன், இப்ப சும்மா கீறேன்னு சொன்னேன். எங்க ஆஸ்பத்திரியில பில்லு பாக்க ஆள் தேடறாங்க, நாளைக்கே வான்னாங்க. போனேன். ஒரே ஒரு இடம்தான்டி."

"அவங்க யாரு உனக்கு? பேராவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் அவங்க ஏன் சொல்லணும் உனக்கு?"

"ஏன் சொல்லக்கூடாது? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுல அவங்களுக்கு இன்னா கஷ்டம்?" பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ யார்கிட்டடி கேட்ட? எங்க மூணு பேத்தையே திருப்பித் திருப்பி கேட்டுகினு இருந்த. எங்களுக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரிஞ்சதுதான் எனக்குத் தெரியும். ஒரே ஆபீஸு, ஒரே தெரு, ஒரே சீட்டு. அந்த அக்கா வேற எடத்துக்குப் போறவங்க, வேற ஆளுங்களோட பேசறவங்க. அவங்க காதுல வுழறது நம்ம காதுல வுழுமா?"

காய்க்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காய் வாங்கறீங்களா, சண்டை போடறீங்களா?" என்றார். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் என்னை மேலும் எரிய வைத்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியிலேயே யார் யார் எப்படிச் சேர்ந்தார்கள்? ஸ்டோர்ஸ் அம்மா, வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சொல்லி வந்தவர். செக்யூரிட்டி, தன் மச்சானின் பழைய முதலாளி சொல்லி வந்தவர். நான்கூட, கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவள், அதிகம் பேசியதேயில்லை, பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொல்லித்தான் சேர்ந்தேன். நெருக்கமானவர்களிடம் பாசம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, நமக்கு உடம்பு சரியில்லையென்றால் கஞ்சி வருகிறது. புதுச் செய்தி மட்டும் வருவதில்லை. அவர்கள் நிற்கிற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். தள்ளி நிற்கிறவனுக்குத்தான் அந்தப் பக்கம் தெருவில் வண்டி வருவது தெரியும்.

சரி, அவளால் முடிந்தால் என்னால் முடியாதா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை காலை டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே ரயிலில் ஏறினேன். எங்கள் பழைய இடத்தில் வேறொரு செட்டு ஏற்கெனவே குடியேறிவிட்டது. நான் வேறொரு பக்கம் போய், முன்பின் பார்த்தேயிராத ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, எங்கயாவது எதுனா வேலை இருந்தா சொல்லுங்கக்கா" என்றேன்.

அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தி, "சொல்றேங்க" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இன்னொருத்தி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். கதவோரம் நின்ற என் சிநேகிதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கத்தோடு பார்த்தாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"முகமே தெரியாதவங்களப் போய் கேட்டா பயப்படுவாங்கடி" என்றாள். "கொஞ்சம் தெரிஞ்சவங்கள கேளு. அப்புறம், எதுனா வேலைன்னு சொன்னா அவங்க யார்கிட்ட போயி இன்னான்னு சொல்லுவாங்க? ஒனக்கு இன்னா வேணும்னு ஒரே வார்த்தையில சொல்லு. அவங்க அதை அப்படியே தூக்கினு போயி இன்னொருத்தர்கிட்ட சொல்ற மாதிரி."

புத்தி சொல்கிறாளாம். வேலை கிடைத்துவிட்டதில்லையா! ஆனாலும் கேட்டுக்கொண்டேன். காரியம் ஆக வேண்டும்.

அன்று மத்தியானம் போனில் இருந்த எண்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். எனக்கும்தான் கொஞ்சம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நான்தான் அவர்களை ஆளாகவே மதித்ததில்லை. பழைய கம்பெனிக்குக் கூரியர் கொண்டுவந்தவர். வருஷக்கணக்கில் பேசாத அந்தக் கல்லூரிக்காரி. பேங்க் கவுன்டரில் இருந்து சோளிங்கர் பக்கம் மாற்றலாகிப் போன சார். என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா. ஒவ்வொருவரிடமும் முதலில் நலம் விசாரித்தேன், உண்மையாகவே விசாரித்தேன். பிறகு மனப்பாடம் செய்துவைத்ததைச் சொன்னேன்: "பில்லிங், ஸ்டாக்கு, ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பேன். அரக்கோணத்திலேர்ந்து ஆவடிக்குள்ள. வேலை குடுங்கன்னு உங்களைக் கேக்கல. யாரைக் கேட்டா தெரியும்னு மட்டும் சொல்லுங்க."

ஆச்சரியம், அப்படிக் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. வேலை கேட்டால் இல்லையென்று சொல்லச் சங்கடப்படுவார்கள். யாரைக் கேட்கலாம் என்றால் சந்தோஷமாக யோசிக்கிறார்கள். கல்லூரிக்காரி அரை மணி நேரம் பேசினாள், இத்தனை வருஷம் ஏன் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாள். பேங்க் சார் ஒரு சர்க்கரை ஆலை கான்டிராக்டர் எண்ணைக் கொடுத்தார். அது உதவவில்லை. உதவவில்லை என்பதையும் அவருக்குப் போன் செய்து சொல்லி நன்றியும் சொன்னேன். இதெல்லாம் என் சிநேகிதி செய்வது. நான் அவளைக் காப்பியடித்தேன், மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே.

ஆனி பிறந்தது. ஓரகத்தி, நான் கடையில் கட்டிக்கொள்வதற்கென்று அரக்குக் கலரில் ஒரு காட்டன் புடவை எடுத்துக் கொடுத்தார். "அழுக்கு தெரியாது" என்றார். புடவையைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்தேன்.

கடைசியில் மீதியிருந்தது ஒருவர். ஜன்னலோரத்துக்காகத் திருவாலங்காடு வரை என்னோடு சண்டை போட்ட அந்தக் கண்ணாடிக்கார அக்கா. அவர் திருவள்ளூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறார் என்பது அன்றைய சண்டையிலேயே தெரிந்திருந்தது. "ஆடிட்டர் ஆபீசுல வேலை பாக்கறவ நான், என்னை இன்னான்னு நெனச்ச?" என்று கத்தியிருந்தார். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் எத்தனையோ கம்பெனிகளின் கணக்கு அங்கே வரும். எந்தக் கம்பெனியில் கணக்குப் பார்க்க ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்பது அந்த ஆபீசுக்குத்தான் முதலில் தெரியும். கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் இது எனக்கு உறைக்கவில்லை. அவர் எங்கள் செட்டு இல்லையே!

மறுநாள் காலை ரயிலில் ஜன்னலோர இடம் பிடித்தேன். அரக்கோணத்தில் அவர் ஏறியதும் எழுந்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஆள் வரலயா?"

"இல்லக்கா. இது உங்களுக்குத்தான்."

சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அவர் பேச்சைத்தான் கேட்டேன். பேத்திக்கு எங்கள் மலையில் மொட்டை போட வேண்டுமாம், கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறதாம். அது என் ஊர் விஷயம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், கிருத்திகை கிட்டேயே போகாதீர்கள், புதன்கிழமை விடிகாலை வந்தால் குழந்தை அழுவதற்குள் முடிந்துவிடும் என்றேன். அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, உனக்குத் தெலுங்கு வருமா?" என்றார்.

"வருமாவாக்கா? எங்க அம்மா நகரி. ஊட்ல பாதி தெலுங்குதான்."

"அரக்கோணத்துல மருந்து மொத்த வியாபாரம் பண்றவங்க ஒருத்தங்க கணக்கு எங்ககிட்ட வருது. நகரி, புத்தூரு, திருப்பதி வரைக்கும் சரக்கு அனுப்பறாங்க. அங்கேர்ந்து கடைக்காரங்க போன் பண்ணி தெலுங்குல கத்தறாங்க, இங்க இருக்கற பையனுக்குப் புரியல. தப்புத் தப்பா பில்லு போட்டு எங்களுக்குத்தான் தலைவேதனை. ஆந்திராவுக்குப் போற பில்லுக்கு எந்த வரி போடணும், சொல்லு பாப்போம்?"

"ஐஜிஎஸ்டிக்கா. நம்ம மாநிலத்துக்குள்ளன்னாதான் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டா பிரியும். சரக்கு மதிப்பு வரம்பைத் தாண்டினா வண்டியோட இ-வே பில்லும் போகணும்."

அவர் அப்போதே போனை எடுத்தார்.

எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது என் சிநேகிதிக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கும் தெலுங்கு வரும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வரும். அதனால் அது ஒரு தகுதி என்று எங்களில் யாருக்கும் தோன்றவேயில்லை. என்னைக் கொஞ்சமாக மட்டும் தெரிந்த ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

மருந்துக் கம்பெனி முதலாளி போனில் தெலுங்கில் நாலு கேள்வி கேட்டார், நேரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து வரச் சொன்னார். அந்த அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "எனக்குத்தாம்மா நிம்மதி, இனிமே பில்லு ஒழுங்கா வரும்" என்றார். அரக்குப் புடவையை ஓரகத்தியிடம் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன். "சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவேன்கா, கிருத்திகை அன்னிக்கு லீவு போட்டு உதவி பண்றேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் தனியாக ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்.

ஆனால் நான் பார்க்க விரும்பிய முகம் அது இல்லை. நேராகச் சிநேகிதி வீட்டு மாடிக்கு ஓடினேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அரக்கோணமா? தோ இங்கயா?" என்றாள். கையில் இருந்த ஈரத் துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. "அப்ப வெளிச்சம் இருக்கும்போதே வந்துடுவியாடி?"

"ஆங்."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப எட்டரை ஆகிறது. பையன் தூங்கிவிடுகிறான் என்று முந்தின வாரம்தான் அழுதிருந்தாள். "ரொம்ப சந்தோஷம்டி" என்றாள். சொன்னது வாய்தான். அந்த முகத்தில் ஓடியதை நான் நன்றாகப் பார்த்தேன். அது எனக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று. அடேயப்பா, எத்தனை மாதத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது! அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அந்த ஆடிட்டர் ஆபீஸ் அக்கா யாருடி? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். "என்னையும் பழக்கம் பண்ணி வுடுடி. இந்தப் பக்கம் எதுனா வந்தா சொல்லுவாங்க."

"அதுக்கு இன்னாடி, பண்றேன்" என்றேன். உள்ளே ஒன்று வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தது. ஊரில் இருக்கிற எல்லோரும் இவளுக்குத்தான் பழக்கம். எனக்கென்று நானே பிடித்தது ஒரே ஒருவர். அவரையும் இவளிடம் கொடுக்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் பையன் தினமும் அம்மாவைப் பார்க்காமல் தூங்குவான். அது எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இருவரும் ஒரே ரயிலில் போனோம். அரக்கோணத்தில் நான் இறங்க வேண்டும், அந்த அக்கா ஏற வேண்டும். வாசலில் நின்று அவர் கையைப் பிடித்து, "அக்கா, இது என் உயிர்ச் சிநேகிதி. ஆஸ்பத்திரி பில்லிங் பாக்கறா. திருவள்ளூருக்கு இந்தப் பக்கம் எதுனா வந்தா இவகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தில் குதித்தேன். என் சிநேகிதி அவரை உட்கார வைத்தாள், ஏதோ கேட்டாள். அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார். என்னோடு அப்படிச் சிரித்ததேயில்லை.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்து ஆடிக்கொண்டிருந்தன, ஒருவர்கூட வெளியே திரும்பி எனக்குக் கையாட்டவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் நான் அங்கேயே நின்று எரிந்துகொண்டிருந்தேன்.